நண்டும் ஒற்றைச் சக்கரமும்

அந்தச் சின்ன விமான நிலையத்தில் அவளுக்கு ‘ஒத்தச் சக்கரம்’ என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. மற்றபடி கட்டுப்பாட்டு டவரில் உட்கார்ந்திருப்பவர் முதல் பெட்டி ஏற்றுகிறவர்கள் வரை எல்லார் வாயிலும் அவள் ஒத்தச் சக்கரம்தான். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள்.

பெயர் சும்மா வரவில்லை. கடலுக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஓடுபாதை உள்ள ஊர் அது. பாதை போட்டவர்களுக்கு இடம் அப்படித்தான் கிடைத்தது. காற்றைக் கேட்டு யாரும் போடவில்லை. வருடத்தில் பாதி நாள் கடல்காற்று பாதைக்குக் குறுக்கே, பக்கவாட்டில் அறையும். அப்படிப்பட்ட நாளில் அவள் தன் விமானத்தின் மூக்கைப் பாதைக்கு நேராக வைத்து, காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு வருவாள். காற்று தள்ளுகிற அளவுக்கு விமானம் அந்தப் பக்கம் சாய்ந்து எதிர்த்து நிற்கும். சாய்ந்த பக்கம் மூக்கு திரும்பிவிடாமல் வாலிலுள்ள சுக்கானைத் திருப்பும் மிதியை மறுபக்கத்துக் காலால் அழுத்திப் பிடித்திருப்பாள். காற்றுப் பக்கத்துச் சக்கரம் ஒன்று முதலில் தரையைத் தொடும். கொஞ்ச தூரம் அந்த ஒற்றைச் சக்கரத்திலேயே ஓடும். பிறகுதான் மற்றது இறங்கும். வேடிக்கை பார்க்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். உள்ளே இருக்கும் ஒன்பது பயணிகளும் மூடிக்கொள்வார்கள்; ஆனால் தடக்கென்று ஒரு குலுக்கல்கூட இருக்காது.

அவள் கணவருக்கு ‘நண்டு’ என்று பெயர். அவரும் விமானிதான். அதே கம்பெனியில் சரக்கு விமானம் ஓட்டினார். மருந்து, செய்தித்தாள், உதிரி பாகம், எப்போதாவது ஒரு குளிர்சாதனப் பெட்டி, இவைதான் அவருடைய பயணிகள். ‘என் பேசஞ்சருங்க வாந்தி எடுக்கிறதில்ல’ என்று பெருமையாகச் சொல்வார். காற்று குறுக்கே அடித்தால் அவர் இறக்கையைச் சாய்க்கவே மாட்டார். இரண்டு இறக்கையையும் மட்டமாக வைத்து, மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிவிடுவார். மூக்கு ஒரு திசையைப் பார்க்கும், விமானம் வேறு திசையில் பாதையை நோக்கி நகரும், அசல் நண்டு நடை. தரைக்கு இரண்டு ஆள் உயரம் இருக்கும்போது சுக்கானை ஒரு மிதி மிதித்து மூக்கை நேராக்குவார். அடுத்த நொடி சக்கரங்கள் தொடும். அந்த மிதி கொஞ்சம் முந்தினால் காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். கொஞ்சம் பிந்தினால் சக்கரங்கள் கோணலாகத் தரையில் மோதும். முந்தாமல் பிந்தாமல் மிதிப்பதற்குப் பெயர் போனவர் அவர்.

இரண்டு முறையும் சரியானவைதான். உலகத்தில் பாதி விமானிகள் வானத்தில் நண்டு மாதிரி வந்து, கடைசியில் இறக்கையைத் தாழ்த்தி, இரண்டையும் கலந்துதான் இறங்குகிறார்கள். ஆனால் இந்தத் தம்பதிக்கு அப்படிக் கலக்கிற புத்தி இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஆளுக்கொரு கட்சி.

சாப்பாட்டு மேசையில் இது தினமும் நடக்கும். அவர் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையை விமானமாக்குவார். அவள் கரண்டியைச் சாய்த்துக் காட்டுவாள்.

“உன் பேசஞ்சர் எல்லாம் கோணக் கழுத்தோட இறங்கிப் போறாங்க. பார்த்துட்டுத்தான் இருக்கேன்” என்பார் அவர்.

“நீங்க மிதிக்கிற மிதியில டயர்க் கம்பெனிக்காரன்தான் பணக்காரன் ஆவான்.”

“என் விமானத்துக்கு இறக்கை கீழ இருக்குடி. எஞ்சினும் இறக்கையிலதான். அவ்வளவு பெரிய ப்ரொப்பெல்லர் தரையில இருந்து எவ்வளவு உயரம், சொல்லு? உன்னை மாதிரி சாய்ச்சா உழுதுடும். உனக்கென்ன, இறக்கை கூரை மேல உட்கார்ந்திருக்கு. மெதுவா வர்ற வண்டி, வால்ல பெரிய சுக்கான். நீ படுத்துக்கிட்டே இறங்கலாம்.”

“சாய்க்கத் தெரியாதுன்னு நேரா சொல்லுங்களேன்.”

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “ரெண்டு பேரும் பஸ்ல போய் வந்தா எனக்கு நிம்மதி” என்பாள். பள்ளியில் கடைசி வருடம். விமானம் என்றாலே கொட்டாவி விடுகிறவள்.

அவர் சொன்னதுதான் நியாயம் என்று அவளுக்குத் தெரியும். சண்டைக்காகச் சண்டை. மனைவி சொல்லி ஒரு தடவைகூடக் கேட்காத மனிதரை வேறு எதில் சீண்டுவது.

அவர்கள் இருவருக்கும் கருத்து ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று. அது எண் விவகாரம். ஒவ்வொரு விமானத்தின் கையேட்டிலும் பக்கக் காற்றுக்கு ஒரு எண் போட்டிருக்கும். அவளுடையதற்கு இருபது நாட், அதாவது மணிக்கு முப்பத்தேழு கிலோமீட்டர். அவருடையதற்குப் பதினேழு. ‘செய்து காட்டப்பட்டது’ என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதை எல்லை என்று நினைத்துப் பயப்படுவார்கள். அவர் உட்காரவைத்துக் கதை சொல்வார்.

“விமானம் செஞ்ச கம்பெனிக்காரன் அதை விக்கிறதுக்கு முன்னாடி காத்துல இறக்கிக் காட்டணும். சாதாரண விமானி, பெரிய வித்தை ஒண்ணும் தெரியாதவன், அவனால சமாளிக்க முடியணும். விமானம் பறக்க முடியாம விழுற வேகம் இருக்குல்ல, அதுல அஞ்சுல ஒரு பங்கு காத்தையாவது தாங்கணும்னு சட்டம். அவங்க காத்துக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க. என் விமானத்துக்குக் கிடைச்ச காத்து பதினேழு. இறங்கினாங்க, எழுதினாங்க, வீட்டுக்குப் போயிட்டாங்க. அன்னிக்கு இருபத்திரண்டு அடிச்சு, நல்லபடியா இறங்கியிருந்தா இருபத்திரண்டுன்னு எழுதியிருப்பாங்க. அது சுவர் இல்ல. ஒருத்தன் அதுவரைக்கும் போயிட்டு வந்தான்ங்கிறதுக்கு அடையாளம்.”

“அது எல்லை இல்ல” என்பது அந்தக் கம்பெனியில் எல்லாரும் சொல்கிற வார்த்தையாகிவிட்டது. மேலாளர் சொல்வார், விமானிகள் சொல்வார்கள். பத்தொன்பதில் இறங்கியவர் சொல்வார், இருபத்தொன்றில் இறங்கியவர் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். கம்பெனியின் சொந்த விதிப்புத்தகத்தில் எந்த எண்ணும் போடவில்லை. போட்டால் வருடத்தில் பாதி நாள் மருந்து வராது, செய்தித்தாள் வராது, வருமானமும் வராது.

எண்ணுக்குப் பதிலாக அங்கே வேறொரு பழக்கம் இருந்தது. முன்னால் இறங்கியவரைக் கேட்பது. “எப்படி இருக்கு?” என்று ரேடியோவில் ஒரு குரல் வரும். இறங்கி நிற்பவர், “பரவாயில்ல, வரலாம்” என்பார். பின்னால் வருகிறவர் வந்துவிடுவார். முன்னால் போனவரின் விமானம் வேறு, கை வேறு, பத்து நிமிடத்துக்கு முந்தைய காற்று வேறு. இதெல்லாம் அங்கே எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே கேட்டார்கள், தெரிந்தே சொன்னார்கள். ஒருத்தர் இறங்கிவிட்டார் என்பதைவிட மனதுக்குத் தெம்பான சேதி வேறு இல்லை.

அன்று மதியம் அவள் பதினெட்டு நாட் பக்கக் காற்றில் இறங்கினாள். இடது இறக்கையைத் தாழ்த்தி, இடது சக்கரத்தில் ஓடி, வழக்கம்போல. பயணிகளை இறக்கிவிட்டு, அடுத்த பயணத்துக்குக் காத்துக்கொண்டு விமானி இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்திருந்தது, ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. பாதை ஓரத்தில் காற்றின் திசையும் வேகமும் காட்டும் காற்றுப்பை விறைத்துப்போய் நின்றது. அவள் இறங்கும்போது அது அவ்வளவு விறைப்பாக இல்லை. அதை அவள் பார்த்தாள். பார்த்ததாகப் பின்னால் நினைவிருந்தது.

சரக்கு விமானம் வந்தது. டவர்க்காரர் காற்றைச் சொன்னார்: இருபத்திரண்டு, அவ்வப்போது வீச்சு இருபத்தெட்டு. அவர் நண்டு நடையில் வந்தார். மூக்கு கடலைப் பார்த்தபடி, இறக்கை மட்டமாக, கோடு போட்ட மாதிரி வந்தார். பாதைக்கு மேல் வந்து மிதித்தார். மிதித்த அதே நொடியில் ஒரு வீச்சு அடித்தது. விமானம் வலப்பக்கம் வழுக்கிக்கொண்டே போய்ப் பாதையின் விளிம்புக்கு மேல் நின்றது. எஞ்சின் இரைச்சல் ஏறியது. தரையைத் தொடாமல் மேலே போய்விட்டார். சுத்தமான வேலை. அவள் அந்த இருக்கையில் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள்.

ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். நடுவில் அவர் குரல் ரேடியோவில் வந்தது.

“ஒத்தச் சக்கரம், இருக்கியா?”

“இருக்கேன்.”

“நீ எப்படி இறங்கின?”

அந்தக் கேள்வியில் கேலி இல்லை. அதுவும் அவளுக்குப் பின்னால்தான் உறைத்தது. அப்போது அவளுக்குத் தோன்றியதெல்லாம், இருபது வருடச் சண்டையில் மனிதர் முதல் தடவையாக இறங்கி வந்திருக்கிறார் என்பதுதான். வாயில் சிரிப்பு வந்துவிட்டது.

“சாய்ச்சுத்தான். உங்க நண்டு வேலையெல்லாம் இன்னிக்கு வேகாது. இன்னிக்காவது பொண்டாட்டி பேச்சைக் கேளுங்க.”

டவர்க்காரர் சிரித்தது ரேடியோவில் கேட்டது.

“சரி, கேக்குறேன்” என்றார் நண்டு.

புறப்பட்டு வந்த எதிர்க்கரை விமான நிலையத்துக்கே திரும்பிப் போக அவரிடம் எரிபொருள் இருந்தது. அங்கே காற்று பாதைக்கு நேராக அடித்தது. அரை மணி நேரப் பறப்பு. ஆனால் மேட்டுக்குப் பின்னால் அவர்கள் வீட்டின் மொட்டை மாடி அந்தச் சுற்றில் தெளிவாகத் தெரியும். கொடியில் காயும் துணிகூடத் தெரியும். வீடு கண்ணில் படும்போது திரும்பிப் போக யாருக்கு மனம் வரும்.

இரண்டாம் தடவை அவர் இறக்கையைச் சாய்த்துக்கொண்டு வந்தார். அவள் இருக்கையை விட்டு இறங்கி, விமானத்தின் மூக்கருகே வந்து நின்று பார்த்தாள். நன்றாகத்தான் வந்தார். இடது இறக்கை தாழ, மூக்கு நேராக, பாதையின் நடுக்கோட்டில். ‘அட, தெரிஞ்சுதான் வெச்சிருக்காரு’ என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அது உண்மை. அந்தச் சந்தோஷத்தை அவள் தனக்கு எப்போதும் மன்னிக்கவில்லை.

விமானம் அவளைக் கடந்து போன பிறகு வால் தெரிந்தது. சுக்கான் வலப்பக்கம் முழுதும் திரும்பியிருந்தது. கொஞ்சம் இல்லை, முழுதும். அதற்கு மேல் போக அதற்கு இடமில்லை. அவர் கால் மிதியைக் கடைசிவரை அழுத்திவிட்டது என்று அர்த்தம். இனி ஒரு வீச்சு வந்தால் மூக்கைப் பிடித்து நிறுத்த ஒன்றும் மிச்சமில்லை. உள்ளே அவருக்குக் காலில் அது தெரிந்திருக்கும். வெளியே நின்றவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. டவர்க்காரர் “மேல போங்க, மேல போங்க” என்று கத்துவது அவள் விமானத்தின் ரேடியோவில் கேட்டது. அவளும் கத்தினாள். அவள் கத்தியது யாருக்குக் கேட்கும்.

வீச்சு வந்தது. மூக்கு காற்றின் பக்கம் திரும்பியது, விமானம் எதிர்ப்பக்கம் நகர்ந்தது. நகர்வதை நிறுத்த அவர் இறக்கையை இன்னும் சாய்த்தார். இடது ப்ரொப்பெல்லர் தரையைத் தொட்டது. அவர் மேசையில் சொன்ன அதே வார்த்தை, உழுதது. மேலே போகப் பார்த்தார்; எஞ்சின் இரைச்சல் ஏறத்தான் செய்தது. ஆனால் இடது எஞ்சின் அதற்குள் நின்றுபோயிருந்தது. இறக்கை நுனி மண்ணில் குத்தி, விமானம் புரண்டு, பாதைக்கு வெளியே போய் விழுந்தது.

தீயணைப்பு வண்டி உடனே போனது. எரியவில்லை. அவரை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. செய்தித்தாள்கள் அந்த மைதானம் முழுக்கப் பறந்துகொண்டிருந்தன. அவற்றை ஆள்கள் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாதபோது மனிதர்கள் அப்படித்தான் ஏதாவது செய்வார்கள். தண்ணீர்க் குழாயைச் சுருட்டி முடிப்பதற்குள் காற்று அடங்கிவிட்டது. காற்றுப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது.

பிறகு எல்லாரும் அவளிடம் மிகவும் நல்லவர்களாக நடந்துகொண்டார்கள். அதுதான் கொடுமை. டவரில் பதிவான குரலை எல்லாரும் கேட்டிருந்தார்கள். யாரும் அதைப்பற்றி வாயைத் திறக்கவில்லை. டவர்க்காரர் வீட்டுக்கு வந்தார், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார், கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்துவிட்டு, “நானும் சிரிச்சேன்மா” என்று மட்டும் சொல்லிப் போனார். ஒத்தச் சக்கரம் என்று அவளை யாரும் கூப்பிடவில்லை. மேடம் என்றார்கள். அந்த மேடம் அவளுக்குச் செருப்படி மாதிரி இருந்தது.

மகள் அழவில்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து, மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“நீ சொல்லித்தான் அப்பா அப்படி இறக்கினாராம்மா?”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. அதனாலதான் கேக்குறேன்.”

“ஆமா. நான்தான் சொன்னேன்.”

“அப்பா வழியிலயே இறக்கியிருந்தா?”

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். மகள் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு உப்பு, சாவி, கரண்ட் பில் என்ற அளவில் நின்றுவிட்டது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் வராமல் தாயும் மகளும் ஒரே கூரையின் கீழ் தனித்தனியாக இருந்தார்கள். பதில் எதுவாக இருந்தாலும் சரி, வந்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது. நீதான் கொன்றாய் என்று வந்தாலும் தாங்கிக்கொள்ளலாம்.

பதில் சொல்லக்கூடிய ஆள் ஒருவர் இருந்தார். விசாரணை அதிகாரி. பழைய சோதனை விமானி, காது கொஞ்சம் மந்தம், எதையும் இரண்டு தடவை கேட்பார். அவளிடம் வாக்குமூலம் வாங்கியபோது அவரும் நல்லவராகத்தான் நடந்துகொண்டார், ஆனால் மற்றவர்கள் மாதிரி கண்ணை வேறு பக்கம் திருப்பவில்லை. விசாரணை முடிகிற சமயத்தில் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். இரும்பு அலமாரி, ஜன்னலில் ஒரு மேசை விசிறி, மேசைமேல் வளைந்துபோன ஒரு சுக்கான் மிதிக்கட்டை. அது எந்த விமானத்துடையது என்று அவள் கேட்கவில்லை.

“ஒரே ஒரு கேள்விதான் சார்” என்றாள். “நான் சொல்லாம இருந்திருந்தா, அவர் நண்டு மாதிரியே இறக்கியிருந்தா, பிழைச்சிருப்பாரா?”

“என்ன கேட்டீங்க?”

அவள் திரும்பவும் கேட்டாள். இரண்டாம் தடவை கேட்பது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் விசிறியை நிறுத்தினார். “கணக்குப் போட்டுப் பார்த்தோம்மா. சாய்ச்சு இறக்கணும்னா மூக்கை நேரா பிடிக்க சுக்கான் வேணும். அந்த விமானத்துச் சுக்கான் அந்த வேகத்துல இருபது, இருபத்தொண்ணு வரைக்கும் பிடிக்கும். அன்னிக்கு வீச்சு இருபத்தெட்டு. அதனால சாய்ச்சு இறக்கினது நடக்காத காரியம். அது உறுதியாச் சொல்வேன்.”

“நண்டு மாதிரின்னா?”

“அது சொல்ல முடியல. மிதி சரியா விழுந்திருந்தா இறங்கியிருக்கலாம். பிந்தியிருந்தா சக்கரக்கால் உடைஞ்சு வயித்துல சறுக்கியிருக்கலாம், ஆள் பிழைச்சிருக்கலாம். முந்தியிருந்தா, முதல் தடவை மாதிரி ஓரத்துக்குப் போயிருக்கும். எது நடந்திருக்கும்னு எனக்குத் தெரியாது.”

“உங்களுக்குத் தெரியலன்னா யாருக்கு சார் தெரியும்?” என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. மகள் அவள் பக்கம் திரும்பினாள்.

“யாருக்கும் தெரியாது. அந்த எண்ணுக்கு அதுதான் அர்த்தம்.” அவர் கோபப்படவில்லை. “நானும் அந்த மாதிரி எண் எழுதினவன்தான். காத்துக்காக ஊர் ஊரா அலைவோம். கிடைச்ச காத்துல இறங்குவோம். விமானம் கையில நிக்குதா, மிதி மிச்சம் இருக்கான்னு பார்ப்போம். எழுதுவோம். ஒவ்வொரு விமானத்துக்கும் இறக்கை வேற, சுக்கான் வேற, சக்கரக்கால் வேற, வேகம் வேற, அதனால ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாப் போய்ப் பார்க்கணும். பதினேழுன்னு எழுதினா, பதினேழு வரைக்கும் நாங்க போய்ப் பார்த்தோம்னு அர்த்தம். உங்க கம்பெனியில எல்லாரும் அது எல்லை இல்லன்னு சொல்றாங்க. சரிதான், எல்லை இல்ல. ஆனா அதுக்கு அப்பால எங்க எல்லைன்னு யாரும் பார்த்துட்டு வந்து சொல்லல. அந்த வித்தியாசம் அங்க யாருக்கும் உறைக்கல. உங்க வீட்டுக்காரருக்கும்.”

விசிறியை மறுபடி போட்டுவிட்டு அவரே சொன்னார். “சாய்க்கிறதா, நண்டான்னு நீங்க ரெண்டு பேரும் அன்னிக்கு ரேடியோவுல பேசினீங்க. அன்னிக்குச் செய்ய வேண்டியது ரெண்டும் இல்லம்மா. திரும்பிப் போறதுதான்.”

திரும்பும் வழியில் பேருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். பாதி வழியில் மகள், “அவருக்கே தெரியலையே” என்றாள். அவள் தலையாட்டினாள். மகளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பேருந்து நின்று, நடத்துனர் இறங்கச் சொல்லும்வரை அவள் மகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அறிக்கை வந்தது. கம்பெனி விதிப்புத்தகத்தில் அந்தக் கையேட்டு எண்களே எல்லையாக ஏறின. புத்தகத்தில் எதுவும் எளிதாக ஏறிவிடும். பழக்கம் அப்படிப் போவதில்லை. அடுத்த பருவத்துக் காற்றில் மறுபடி ரேடியோவில் “எப்படி இருக்கு?” கேட்க ஆரம்பித்தது. அவளும் மறுபடி பறக்க ஆரம்பித்திருந்தாள். வேறு வேலை அவளுக்குத் தெரியாது. இறங்கும்போது இப்போது அவள் நண்டு நடையில்தான் வந்தாள், பாதைக்கு மேல் வந்த பிறகுதான் இறக்கையைத் தாழ்த்தினாள். பயணிகள் கழுத்து கோணாமல் இறங்கினார்கள். அதைச் சொல்லிக் காட்ட வேண்டியவர் இல்லை.

அவர் இடத்துக்குப் புதிதாக ஒரு விமானி வந்திருந்தான். வேறு ஊரில் அனுபவம் உள்ளவன், துறுதுறுப்பானவன், எதற்கும் ஒரு முணுமுணுப்பு உண்டு. அதே வகை சரக்கு விமானம். ஒரு நாள் மதியம் அவள் பதினாறில் இறங்கி, பயணிகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தாள். காற்றுப்பை விறைத்துக்கொண்டு வந்தது. டவர்க்காரர் இருபது என்றார். ரேடியோவில் அந்தக் குரல் வந்தது.

“மேடம், நீங்க இறங்கிட்டீங்கல்ல? எப்படி இருக்கு?”

அவள் மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள்.

“தெரியாது” என்றாள்.

“என்ன மேடம்? நீங்க இறங்கினீங்களே.”

“என் விமானம் இறங்கிச்சு. அப்ப காத்து பதினாறு, இப்ப இருபது. உங்களுக்குப் பதினேழு. உங்க விமானம் இருபதுல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. திரும்பிப் போங்க தம்பி.”

ரேடியோவில் சலித்துக்கொள்ளும் மூச்சு கேட்டது. ஒரு சுற்றுச் சுற்றினான். அந்தச் சுற்று முடிகிறவரை அவள் எதையும் பார்க்கவில்லை, தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எஞ்சின் சத்தம் கடலின் பக்கம் போய்த் தேய்ந்தது.

அரை மணியில் காற்று அடங்கிவிட்டது. காற்றுப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. அன்றைப் போலவே.

சாயங்காலம் எதிர்க்கரையிலிருந்து அவனே போன் செய்தான். செம கடுப்பில் இருந்தான்.

“என்ன மேடம் இது? நான் இங்க வந்து சக்கரத்தை வைக்கிறேன், அங்க காத்து நின்னுடுச்சாம். மருந்துப் பெட்டியெல்லாம் இங்கயே கிடக்கு. கடைக்காரங்க போன் மேல போன். நான் இறங்கியிருக்கலாம்.”

“இறங்கியிருக்கலாம்” என்றாள்.

“இங்க தங்குற ரூம்ல ஃபேன் ஓடல. மாத்துத் துணிகூட இல்ல. வீட்டுல அவ வேற சமைச்சு வெச்சிட்டுக் காத்துட்டு இருக்கா. நான் என்ன சொல்றது அவகிட்ட?”

“என் பேரைச் சொல்லுங்க.”

“சொல்லத்தான் போறேன்” என்று அவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். காற்று, மருந்துப் பெட்டி, ஃபேன், அங்கே கிடைத்த சாப்பாட்டில் உப்பில்லை. மகள் வந்து யார் என்று சைகையில் கேட்டாள். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். அவன் திட்டித் தீர்க்கும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.